யாருடைய உப்பு

எல்.எல்.எம். படிக்க விண்ணப்பிக்கிறேன் என்றதும் சோளிங்கர் கோர்ட் வளாகத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஜட்ஜ் பரீட்சைக்கா, லெக்சரர் வேலைக்கா?" இரண்டுக்கும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். பாகப்பிரிவினை, பாதை வழக்கு, செக் கேஸ், ஜீவனாம்சம் என்று நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை விட்டுவிட்டு நாற்பது வயதுக்குப் பக்கத்தில் ஒருத்தி எதற்காக மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டும்? அதுவும் சுற்றுச்சூழல் சட்டம் முழுவதையும்கூட நான் படிக்க விரும்பவில்லை. நிலமும் நிலத்தடி நீரும் கெட்ட பிறகு இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது, அதைப் பலருக்குள் எப்படிப் பங்கிடுவது என்ற ஒரே ஒரு மூலை போதும் என்று எழுதியிருக்கிறேன். அந்த மூலைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு கிணறு.

சோளிங்கரில் தோல் ஷாப்பு கிடையாது. மலையும் நரசிம்மரும் அனுமாரும் உண்டு. கார்த்திகை ஞாயிறுகளில் தெருவில் நடக்க இடம் இருக்காது. அப்படி ஒரு கார்த்திகையில் மலைக்கு வந்த பெரியவர் ஒருவர், உறவுக்காரர் சொல்லி, இறங்கியதும் என் ஆபீசுக்கு வந்தார். வாலாஜாபேட்டைப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். கிணற்றோடு இரண்டு ஏக்கர். மஞ்சப் பையில் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார். "கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க வக்கீலம்மா" என்றார். நான் ஊற்றிப் பார்க்கவில்லை. அவர் தவறாகவும் நினைக்கவில்லை.

அந்தப் பகுதியின் வரலாறு சட்டக் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும், கேஸ் பெயராக. வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். 1991இல் தாக்கலான மனு, 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில்தான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்த நிலம் என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருப்பது நினைவுக்கு வந்ததாக ஞாபகமில்லை.

தீர்ப்பைத் தொடர்ந்து அதே ஆண்டு ஒரு ஆணையம் அமைந்தது. சூழல் இழப்புத் தடுப்பு, இழப்பீட்டு ஆணையம் என்று பெயர். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001 மார்ச் 7இல் அன்றைய வேலூர் மாவட்டத்துக்கு உத்தரவு போட்டது: 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். காலம், 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரை. வகுத்துப் பார்த்தால் சராசரியாகக் குடும்பத்துக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏழு வருஷத்துக்கும் மேலான நஷ்டத்துக்கு, மாதம் நூறு ரூபாய் சொச்சம்.

பெரியவரின் குடும்பம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர் அப்பா பெயரில் பணம் வாங்கியிருந்தார்கள். "அது பழைய கணக்கு. இப்போ இருக்கிற உப்புக்கு?" என்றார். நியாயமான கேள்வி. 1998 டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி உப்பு கிளம்பிப் போய்விடவில்லையே.

வழக்கு போட வேண்டிய இடம் முன்சீப் கோர்ட் இல்லை. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இந்த வகை இழப்பீட்டுக் கோரிக்கைகளை உரிமையியல் நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துவிட்டது. சேப்பாக்கத்தில் கலஸ் மஹாலில் இருக்கும் தென்மண்டல அமர்வுக்குத்தான் போக வேண்டும். சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஏழு தோல் ஷாப்புகள் இருந்தன என்பது ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கு. இன்று ஓடுவது இரண்டு. அந்த இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தோம். மற்ற ஐந்தில் ஒன்று கல்யாண மண்டபம். ஒன்று வேலிகாத்தான் முளைத்த சுவர். மற்றவை கைமாறி, மனைகளாகி, யார் பெயரில் இருக்கின்றன என்று வில்லங்கச் சான்று போட்டுத் தேட வேண்டிய நிலை.

முதலில் தண்ணீர் மாதிரி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. கட்சிக்காரர் பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீர் சாட்சியமே இல்லை. மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் முழுக்க வெளியேறும்வரை ஓடவிட வேண்டும். மின்கடத்துதிறன் மீட்டரின் முள் அடுத்தடுத்து ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் பிடிக்க வேண்டும். கேனை அதே தண்ணீரில் அலச வேண்டும். உப்புச் சோதனைக்கு ஒரு கேன். குரோமியத்துக்குத் தனிக் கேன், அதில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு, இல்லாவிட்டால் உலோகம் கேனின் சுவரில் ஒட்டிக்கொண்டு முடிவு குறைவாக வரும். அரக்கு முத்திரை, இரண்டு தரப்புக் கையெழுத்து, நேரம். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் அதிலேயே நிற்பார்கள்.

முடிவு வந்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 3,800 மில்லிகிராம். குடிநீருக்கு வேறு வழியே இல்லாவிட்டால் அனுமதிக்கும் உச்சவரம்பே 2,000தான். குளோரைடு 1,350, சோடியம் 870. குரோமியம், கண்டறியும் அளவுக்குக் கீழே.

எதிர்த்தரப்பு அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது. குரோமியம் இல்லையென்றால் தோல் ஷாப்பு எப்படிக் காரணம்? இதற்கு வேதியியலில் பதில் இருந்தது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் பட்டதும் படிந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோடு அதிக தூரம் போகாது. குளோரைடு எதிலும் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். ஆகவே கால் மைல் தள்ளியிருக்கும் கிணற்றில் குரோமியம் இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொன்றும் காட்டினோம். சோடியத்தையும் குளோரைடையும் அவற்றின் அணு எடையால் வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வருகின்றன. பாறை கரைந்து வந்த சோடியமாக இருந்தால் குளோரைடைவிட அது தூக்கலாக இருக்கும். சமமாக வருவது சாதாரண உப்பின் அடையாளம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உப்பு தடவுவார்கள். முதல் ஊறவைப்பில் அது பெரும்பாலும் தண்ணீரில் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து டன் தோல் ஊறப்போட்டால் சுமார் மூன்று டன் உப்பு. முப்பது லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பைக் கூட்ட அது போதும். ஒரு நாளைக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர், நிதானமானவர். நம் சாட்சியிடம் அவர் கேட்டது ரொம்ப நேரம் இல்லை. "ஊர்ச் சாக்கடையிலும் சாதாரண உப்புதானே இருக்கும்?" ஆமாம். "1975இல் இறங்கிய உப்பையும் 2015இல் இறங்கிய உப்பையும் உங்கள் சோதனை பிரித்துக் காட்டுமா?" காட்டாது. "ஏழு ஷாப்பில் எந்த ஷாப்பு உப்பு என்று காட்டுமா?" காட்டாது. "அப்போ உப்பில் என் கட்சிக்காரர் பெயர் எழுதியிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமா?" அந்தக் கடைசிக் கேள்வியை நான் ஆட்சேபித்தேன். ஆட்சேபணை சரிதான். ஆனால் கேள்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது. சேதத்தை ஒரே ஒரு செயலோடு கட்டிக் காட்ட முடியாமல், பல செயல்களின் கூட்டு விளைவாக அது இருந்தால், பொறுப்பை எல்லோருக்கும் நியாயமான அடிப்படையில் தீர்ப்பாயம் பங்கிடலாம். அவ்வளவுதான். எது நியாயமான அடிப்படை? ஊறவைத்த தோலின் எடையா, டிரம்மின் எண்ணிக்கையா, ஓடிய வருஷங்களா, கிணற்றிலிருந்து தூரமா? மூடிய ஐந்து ஷாப்பின் பங்கு எங்கே போகும்? பிரிவு அங்கே முடிந்துவிடுகிறது. இதற்குத் தீர்ப்பு தேடி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். மாசு செய்தவர் செலுத்த வேண்டும் என்று முழங்கும் பத்திகள் எத்தனையோ கிடைத்தன. எந்த மாசுக்காரர் எத்தனை ரூபாய் என்று வகுத்துக் காட்டும் பத்திதான் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் தேடியபோது இரண்டு வழக்குகள் கண்ணில் பட்டன. ஒன்று, ஆச்சரியமாக, உப்பு வழக்கேதான். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிப் பொட்டாஷ் சுரங்கம் ரைன் நதியில் உப்பைக் கொட்டியது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய நெதர்லாந்து நாற்றுப் பண்ணை வழக்கு போட்டது. சேதம் நடந்த ஊரிலேயே வழக்கு போடலாம் என்று 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதற்காகத்தான் அதைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது பிறகு நடந்தது. ரைனில் உப்பு கலந்தவர்கள் பலர் இருந்தும், தன் பங்குக்குச் சுரங்கம் பொறுப்பு என்பதை 1988இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் நதியில் அது முடியும். ஓடும் தண்ணீரின் அளவையும் அதிலுள்ள உப்பின் அளவையும் பெருக்கினால் தினசரிச் சுமை வந்துவிடும். சுரங்கம் விட்டது எவ்வளவு என்று தனியாக அளந்துவிடலாம். நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு தராசு கிடையாது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே போர் போட்டவர்கள் இழுக்கும் இழுப்பைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று, கலிபோர்னியாவில் ஆர்வின் என்ற ஊரில் விவசாய ரசாயனம் விற்ற நிறுவனத்தின் இடம். நிறுவனம் போண்டியாகிவிட்டது. அதற்கு இடத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குக் கொடுத்திருந்த ரயில் கம்பெனிகள் கையில் அகப்பட்டன. சுத்தம் செய்யும் செலவில் அவர்கள் பங்கு என்ன? கீழ் நீதிமன்றம் போட்ட கணக்கு நம்ம ஊர் சர்வேயர் போடும் கணக்கு மாதிரி இருக்கிறது. மொத்தப் பரப்பில் ரயில் கம்பெனிகளின் நிலம் 19 சதவீதம். நிறுவனம் இயங்கிய காலத்தில் அந்த நிலம் குத்தகையில் இருந்தது 45 சதவீதம். அங்கே கசிந்த ரசாயனங்களின் பங்கு 66 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 6 சதவீதம். கணக்கில் பிசகு இருக்கலாம் என்று அதோடு பாதியைக் கூட்டி 9 சதவீதம் என்று முடித்தார்கள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பைப் படித்த அன்றே நம்ம ஊருக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். எதிர்மனுதாரர்களில் ஒரு ஷாப்பு, ஏழு ஷாப்புகளின் மொத்தக் கொள்ளளவில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வருஷ உப்பில் அது ஓடியது பதினைந்து வருஷம், அதாவது 30 சதவீதம். பெருக்கினால் 6. பிசகுக்குப் பாதி கூட்டினால் 9. நாங்கள் கேட்டது ஒன்பது லட்சம். அந்த ஷாப்பின் பங்கு 81,000 ரூபாய். இன்னொன்றின் பங்கும் அதே அளவு என்று தாராளமாக வைத்தால்கூட ஒன்றே முக்கால் லட்சம் வராது. மீதி ஏழு லட்சத்துச் சொச்சம், மூடிப்போன ஷாப்புகளின் உப்பு, பழைய காலத்து உப்பு. பங்கிடும் முறை எவ்வளவு துல்லியமாகிறதோ அவ்வளவு சுத்தமாகப் பெரியவர் கை காலியாகிறது. ஆதரவில்லாத அந்தப் பங்கை யார் தலையில் வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அமெரிக்கச் சட்டத்தில், பிரிக்க முடியும் என்று நிரூபிக்காத வரை, அகப்பட்டவர் முழுத் தொகைக்கும் பொறுப்பு. நம் 17ஆம் பிரிவு பங்கிடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறது. வராதவர் பங்கைப் பற்றிப் பேசவில்லை. பேசாத இடத்தில் நஷ்டம் யார் வயலில் இருக்கிறதோ அங்கேயே இருந்துவிடுகிறது.

காலக்கெடு இன்னொரு முள். இழப்பீடு கேட்கும் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் என்கிறது 15ஆம் பிரிவு. கிணறு எந்த நாளில் கெட்டது? பெரியவரைக் கேட்டால், அக்கா கல்யாணத்துக்குச் சமைத்தபோது பருப்பு வேகவில்லை என்கிறார். அக்கா இப்போது பாட்டி. தொடர் தவறு என்று வாதிட்டோம். ஆனால் தவறு தொடர்வது வேறு, ஒரு முறை நடந்த தவறின் விளைவு தொடர்வது வேறு என்று 1959லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. இன்று ஓடும் ஷாப்புகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு நீரை அனுப்புகின்றன. சொட்டு வெளியே விடுவதில்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டிருக்கின்றன. அது உண்மையென்றால் கிணற்றில் இருப்பது விளைவு மட்டும்தான். ஆனால் பழைய கழிவுமண் மேடு ஒன்று இன்னும் கிடக்கிறது, ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அதிலிருந்து உப்பு இறங்குகிறது என்றால், அது தவறா விளைவா? மேட்டை எடுக்காமல் விட்டிருப்பது அன்றாடம் புதிதாகச் செய்யும் தவறு என்பது என் வாதம். இன்றும் அதுதான் சரியென்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஆதாரமாக நான் காட்டியது பொதுவான நியாயத்தை. ஒரு முன்தீர்ப்பை இல்லை.

நஷ்டக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணின் உப்புத்தன்மைக்கும் விளைச்சல் குறைவுக்கும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அட்டவணை இருக்கிறது. நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 12 சதவீதம் குறையும். நம் வயலில் 5.5. ஆக, 30 சதவீத நஷ்டம். ஏக்கருக்கு 28 மூட்டை விளைய வேண்டிய இடத்தில் 20 வரவேண்டும். பெரியவருக்கு வந்தது 12. நாங்கள் தாக்கல் செய்த அட்டவணையையே எதிர்த்தரப்பு திருப்பிப் போட்டது: எட்டு மூட்டைதான் உப்பு, மீதி எட்டு உங்கள் விவசாயம். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இன்னும் சொகுசு, சராசரி எண் அதைக் காட்டாது என்று சொல்ல வேளாண் நிபுணர் தேவைப்பட்டார். அடங்கலோ இன்னும் மோசம். தரிசு கிடந்த பசலிகளிலும் "நெல்" என்றே எழுதியிருந்தது.

கடைசியில் சமரசம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை, ஆனால் ஆர்வின் கணக்கைவிட அதிகம். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கிறோம் என்றார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அந்த ஆலோசனையில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. சமரச மனுவில் வழக்கமான வாசகத்தை எழுதினேன்: அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையாகவும் இறுதியாகவும். விபத்து வழக்கில் கை எழுதும் வாசகம்தான். கால் முறிந்தது, கூடியது, முடிந்தது. இங்கே எது முடிந்தது?

பணம் வந்த பிறகு பெரியவர் ஒரு வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வந்தார். உட்கார்ந்து, "துட்டு வந்துச்சு, சரி. இப்போ ஒருத்தன் மனைக்குக் கேக்கறான். நெலத்த வெச்சிக்கலாமா, குடுத்துடலாமா? தண்ணி நல்லாவ எத்தினி வருசம் ஆவும்னு சொல்லுங்க, அத வெச்சி முடிவு பண்ணிக்கறேன்" என்றார். வழக்கு முழுக்க நடந்து முடிந்திருந்தது. நிபுணர், அறிக்கை, அட்டவணை எல்லாம் கட்டாக என் அலமாரியில் இருந்தது. அந்தக் கட்டில் இதற்கு விடை இல்லை. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சட்டம் அதைக் கேட்கச் சொல்லவில்லை. போன பசலிகளின் மூட்டைக் கணக்கைத்தான் நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தோம். தெரியவில்லை ஐயா என்றேன். அவர் பாதியை மனைக்குக் கொடுத்துவிட்டு, பாதியை வைத்துக்கொண்டார். தென்னை உப்பைக் கொஞ்சம் தாங்கும் என்று தெரிந்து அதில் தென்னை வைத்திருக்கிறார். என்னைவிடத் தெளிவாகத்தான் முடிவெடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு, 2025 ஜனவரி 30இல், உச்ச நீதிமன்றம் பழைய வேலூர் விவகாரத்தில் மறுபடி தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். 2001 உத்தரவுப்படியும் 2009இல் வந்த துணை உத்தரவுப்படியும் பணம் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. ஒரு தடவை இழப்பீடு கொடுத்ததோடு பொறுப்பு முடிவதில்லை, கெட்ட சூழல் திரும்பும்வரை அது தொடரும் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அரசு முதலில் கொடு, பிறகு வசூலி என்பது நான் தேடிக்கொண்டிருந்த ஆதரவில்லாத பங்குக்கு ஒரு வகைப் பதில். ஆனால் அது உச்ச நீதிமன்றம் தன் அதிகாரத்தில், பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு, சொன்ன வழி. நாளைக்கு வேறொருவர் மஞ்சப் பையோடு வந்தால், தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின் கீழ் அதையே நான் கேட்க முடியுமா? திரும்பும்வரை என்றால் எந்த எண்ணுக்குத் திரும்பும்வரை? ஷாப்புகள் வருவதற்கு முன் அந்தக் கிணற்றின் தண்ணீர் எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று இப்போது சொல்வதாக இல்லை, முடிவு வரட்டும். நோக்க உரையின் முதல் வரைவைப் பார்த்த என் சீனியர், "இது நோக்க உரையா, அப்பீல் மெமோவா?" என்று கேட்டார். சுருக்கினேன். ஆய்வுக்கு இரண்டே கேள்விகள் வைத்திருக்கிறேன்: 17(2) பிரிவில் மூடிப்போன தொழிற்சாலைகளின் பங்கை யார் ஏற்பது, சேதம் முடியாத நிலையில் இழப்பீட்டை எப்படி முடிப்பது. முதல் கேள்விக்குப் பழைய ஆணையம் ஊர் ஊராக எடுத்த கணக்குகளிலிருந்து தொடங்க வேண்டும், தீர்ப்புகளிலிருந்து இல்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஷாப்புகள் மீது சுமத்தப்பட்ட தொகை எந்த விகிதத்தில் பிரிந்தது, எவ்வளவு வசூலானது, மூடியவர்கள் பெயரில் எவ்வளவு நின்றுபோனது என்பதை யாராவது உட்கார்ந்து எடுத்தாக வேண்டும். கோர்ட்டுக்கு நடந்துகொண்டே அதைச் செய்ய முடியாது. வாய்தா நாளுக்கு வாய்தா நாள் வாழ்கிறவர்களுக்கு ஒரு வருஷத்துக் கோப்பைப் படிக்கும் அவகாசம் கிடையாது.

இரண்டாவது கேள்விக்கு ஒரு ஷரத்தையே எழுதிப் பார்த்திருக்கிறேன். முழுமையாகவும் இறுதியாகவும் என்பதற்குப் பதிலாக: இந்தத் தொகை இன்ன பசலிவரைக்கான நஷ்டத்துக்கு மட்டும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில், பயிர் அறுத்த பிறகு மண்ணின் மின்கடத்துதிறன் அளக்கப்படும், அது 3க்கு மேல் இருக்கும்வரை, மேலே உள்ள ஒவ்வொரு அலகுக்கும் இன்ன விகிதத்தில் அடுத்த தவணை வரும், கீழே இறங்கினால் பொறுப்பு தீரும். கிணறு அந்த எதிர்மனுதாரரால் மட்டும் கெட்டதல்ல என்பதால் விகிதத்தில் அவர் பங்கு மட்டும். இதை அந்த மூத்த எதிர்த்தரப்பு வக்கீலிடமே காட்டினேன். வேலூரில் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "எந்தக் கட்சிக்காரன்மா இதுல கையெழுத்துப் போடுவான்? ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாசல்ல வந்து நிக்கிற கடன் இது. கையெழுத்துப் போட்டாலும், ஷாப்பை வித்துட்டுப் போனா வாங்கினவன் கட்டுப்படுவானா?" என்றார். வாங்கியவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அது ஒப்பந்தமாக இருந்தால் போதாது, நிலத்தின் மீதான சுமையாகப் பதிவாக வேண்டும். பதிவுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். அவர் சொன்னதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்து, அந்த வரைவை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிவிட்டேன்.